மீன்குழம்பு மூடியில் ஊசித் துளைகள்

வாசகி ஒருவர் படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இரவு மிஞ்சிய மீன்குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தோடு, மேலே அலுமினியம் ஃபாயிலை இறுக்கிச் சுற்றி, ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். காலையில் எடுத்தால் ஃபாயிலில் ஏழெட்டு ஊசித் துளைகள், சுற்றிலும் சாம்பல் நிறக் கறை. "பூச்சி கடித்ததா? குழம்பைக் கொட்டிவிடவா? இனிமேல் கிளிங் ஃபிலிமா, பட்டர் பேப்பரா, எதால் மூடுவது?" என்று கேட்கிறார்.

பூச்சி இல்லை. அவர் தெரியாமல் ஒரு பேட்டரி செய்துவிட்டார்.

பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் இரண்டு உலோகத் துண்டுகளைச் செருகி மின்சாரம் எடுத்திருப்பீர்கள். இங்கே எலுமிச்சைக்குப் பதில் புளியும் உப்பும் கரைந்த குழம்பு. ஒரு உலோகம் ஃபாயில், இன்னொன்று பாத்திரம். பாத்திரம் விளிம்பு வரை நிறைந்திருந்ததால் ஃபாயில் குழம்பின் மேல் படிந்திருக்கிறது. அதே ஃபாயில் விளிம்பில் எவர்சில்வரையும் தொடுகிறது. சுற்று முழுமையாகிவிட்டது.

சாதாரணமாக அலுமினியம் இவ்வளவு சீக்கிரம் கரையாது. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு தோல் படிந்துவிடும். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். உப்பிலிருக்கும் குளோரைடு அயனிதான் அந்தத் தோலை அங்கங்கே பொத்துவிடுகிறது. புளியின் அமிலம் அது மறுபடி மூடிக்கொள்ள விடாமல் பார்த்துக்கொள்கிறது. திறந்த இடத்தில் அலுமினியம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் குழம்பில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் ஃபாயில் வழியே ஓடி, விளிம்பைத் தாண்டி, எவர்சில்வரின் உட்சுவருக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே குழம்பில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது.

எனக்கு இதில் பிடித்த இடம் இனிமேல்தான். பாத்திரத்தின் உட்சுவர் முழுவதும் எலக்ட்ரானை வாங்கும் பக்கம். கொடுக்கும் பக்கமோ ஃபாயிலின் தோல் பொத்துப்போன சில புள்ளிகள். பெரிய பரப்பு கேட்பதையெல்லாம் சின்னப் புள்ளி கொடுத்தாக வேண்டும். அதனால்தான் ஃபாயில் ஒரே சீராக மெலியாமல், அந்தப் புள்ளிகளில் மட்டும் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. கரைந்த அலுமினியத்தில் கொஞ்சம் ஹைட்ராக்சைடாகப் படியும். சாம்பல் கறை அதுதான். ஃபிரிட்ஜின் குளிர் இதை மெதுவாக்கும், நிறுத்தாது.

எவ்வளவு அலுமினியம் குழம்பில் போயிருக்கும்? வீட்டு ஃபாயில் 11 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையில் இருந்த உலோகத்தின் எடை சுமார் 0.023 மில்லிகிராம். எட்டு மணி நேரத்தில் அதைக் கரைக்க ஒன்பது மைக்ரோஆம்பியர் அளவு மின்னோட்டம் போதும். பத்துத் துளை விழுந்தாலும் மொத்தம் கால் மில்லிகிராமுக்குள்தான். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011இல் சொன்ன வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மில்லிகிராம். ஆகவே குழம்பைக் கொட்ட வேண்டியதில்லை. கறை படிந்த இடத்தை மேலாக வழித்து எடுத்துவிட்டால் போதும். "பளபளக்கும் பக்கம் விஷம், மங்கலான பக்கம் நல்லது" என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியையும் கூடவே வழித்துப் போட்டுவிடலாம். கடைசி உருட்டலில் இரண்டு தாள்களைச் சேர்த்து உருட்டுவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் மின்னும், ஒன்றையொன்று தொட்ட பக்கம் மங்கும். வேறு வித்தியாசம் இல்லை.

வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே குழம்பு, ஒரே ஃபாயில். ஒன்று எவர்சில்வர் கிண்ணத்தில், ஒன்று கண்ணாடிக் கிண்ணத்தில். காலையில் வெளிச்சத்தில் பிடித்தபோது எவர்சில்வர் ஃபாயிலில் மட்டும் நட்சத்திரங்கள். மண்சட்டியில் வைத்தாலும் இந்தப் பேட்டரி கிடையாது, இரண்டாவது உலோகம் இல்லையே. கண்ணாடியிலும் பல நாள் விட்டால் புளிப்பும் உப்பும் ஃபாயிலைத் தின்னத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. எவர்சில்வரிலேயே வைக்க வேண்டுமென்றால் குழம்புக்கும் ஃபாயிலுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், சுற்று அறுந்துவிடும்.

அப்படியானால் கிளிங் ஃபிலிம்? ஃபிரிட்ஜுக்குள் அது சமர்த்து. ஈரத்தை நன்றாகக் காக்கும். ஆனால் பாலிஎத்திலீன் வகை வாசனையைக் கசியவிடும். இரண்டு நாளில் பக்கத்துப் பாலுக்கு மீன் வாடை வரும். நன்றாக இழுபட்டு ஒட்டும் பி.வி.சி. வகையில், அதை இளக்குவதற்காகச் சேர்த்த பொருள் எண்ணெயில் கரையக்கூடியது. மீன்குழம்பின் மேலே மிதப்பது நல்லெண்ணெய். ஆகவே தொடாமல் மூட வேண்டும். நம் கடைகளில் எந்த வகை என்றே எழுதாத சுருள்கள் கிடைக்கின்றன. உணவு உறைகளுக்கென்றே தனி ஒழுங்குமுறை விதிகள் 2018இல் வந்தன; அந்த உறைகளை நம் புளிக்குழம்பு, ஊறுகாய் போன்றவற்றோடு வைத்துச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

மைக்ரோவேவில் கதை தலைகீழ். ஃபாயில் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அதன் கசங்கிய முனைகளில் மின்புலம் குவிந்து காற்றில் பொறி பறக்கும். கிளிங் ஃபிலிம் வழியே அலை தாராளமாகப் போகும், ஃபிலிம் தானாகச் சூடாகாது. ஆனால் அடியில் இருக்கும் குழம்பு சூடாகுமே. தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், மேலே மிதக்கும் எண்ணெய் அதைத் தாண்டும். பாலிஎத்திலீன் 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும், பி.வி.சி. அதற்கு முன்பே தளரும். ஆழமான கிண்ணம், ஓரத்தில் ஒரு மூலை திறப்பு, அப்போதுதான் சரி. பட்டர் பேப்பருக்கு இங்கே பிரச்சினை இல்லை. எண்ணெய் தெறிக்காமல் மேலே போட்டு வைக்கலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் வருவது கன்வெக்ஷன் மைக்ரோவேவில். ஒரே பெட்டி, இரண்டு வேலை. கன்வெக்ஷனில் மட்டும் ஓடினால் அது ஓவன்தான். அப்போது ஃபாயில் போடலாம் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்லும். காம்பி பொத்தானை அழுத்தினால் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும், ஃபாயில் பொறி பறக்கும். கிளிங் ஃபிலிமை ஓவனில் எந்த நிலையிலும் வைக்கக் கூடாது.

ஓவனுக்கு பட்டர் பேப்பர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உண்மையான பேக்கிங் தாள் சிலிக்கோன் பூசியது. பெட்டியில் 220 டிகிரி போல ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். மெழுகுத் தாளும் அதே பெயரில் கைமாறுகிறது. ஓவனில் மெழுகு உருகிப் புகையும். நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகத் துகள் வந்தால் மெழுகு.

மீனை எலுமிச்சையும் உப்பும் தடவி ஓவனில் சுட ஆசைப்பட்டால், முதலில் பட்டர் பேப்பரில் மடித்து, அதன் மேல் ஃபாயிலைச் சுற்றுங்கள். காகிதம் புளிப்பை ஃபாயிலிடமிருந்து பிரிக்கும், ஃபாயில் ஆவியை உள்ளேயே நிறுத்தும். தட்டு எந்த உலோகமாக இருந்தாலும் பேட்டரி ஓடாது.