கை-ஸ்கொயர் 14 வந்ததா? முதலில் வரிசைகளை எண்ணுங்கள்

மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் பகுதியைச் சரிபார்ப்பது என் வேலை. "மாடலில் வயதைச் சேர்த்தோம், பெரிய முன்னேற்றம், கை-ஸ்கொயர் 14, பி-மதிப்பு 0.001-க்கும் கீழே" என்ற மாதிரி வரிகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சில நேரம் அந்த 14-க்கும் வயதுக்கும் சம்பந்தமே இருக்காது. சேர்த்த மாறி ஒன்றுக்கும் உதவாததாக இருந்தாலும் அதே 14 வந்திருக்கும். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு சிறிய கணக்கில் பார்த்துவிடலாம்.

லைக்லிஹுட் விகிதச் சோதனையின் அடிப்படை எளிது. ஒரு சிறிய மாடல், அதோடு கூடுதலாக ஏதோ சேர்த்த ஒரு பெரிய மாடல். கையில் இருக்கும் தரவு கிடைப்பதற்கு ஒவ்வொரு மாடலும் எவ்வளவு வாய்ப்புத் தருகிறது என்பதுதான் லைக்லிஹுட். அதன் லாகரிதத்தை இரண்டு மாடலுக்கும் எடுத்து, வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினால் சோதனை எண் கிடைக்கும்:

```
LR = 2 × (logL_பெரியது − logL_சிறியது)
```

200 நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் பழைய முறையில் வீடு திரும்பினார்கள், 100 பேர் புதிய முறையில். 30 நாளுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பழைய முறையில் 30 பேர், புதிய முறையில் 18 பேர். "இரு குழுவுக்கும் ஒரே விகிதம்" என்பது சிறிய மாடல். அந்த விகிதம் 48/200, அதாவது 0.24. அதன் logL:

```
48 × ln(0.24) + 152 × ln(0.76) = −110.22
```

குழுவுக்கு ஒரு விகிதம் என்று அனுமதித்தால் 0.30, 0.18 என்று இரண்டு விகிதங்கள். அதே மாதிரி கூட்டினால் logL = −108.23. வித்தியாசம் 1.99, இரட்டித்தால் 3.98.

இந்த 3.98 பெரிதா, சிறிதா? இங்கேதான் கை-ஸ்கொயர் வருகிறது. பெரிய மாடலின் logL ஒருபோதும் சிறிய மாடலுக்குக் கீழே போகாது. கூடுதலாக ஒரு அளவுருவைக் கொடுத்துவிட்டால், அது வெறும் இரைச்சலாக இருந்தாலும் தரவின் ஏதாவது ஒரு மேடுபள்ளத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் கொஞ்சம் உயர்த்திவிடும். அந்த வெறும் உயர்வு எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கான அளவுகோல்தான் கை-ஸ்கொயர் பரவல். 1938-இல் சாமுவேல் வில்க்ஸ் காட்டியது இதைத்தான்: சிறிய மாடலே உண்மையாக இருந்து, தரவும் போதிய அளவு இருந்தால், LR ஏறக்குறைய கை-ஸ்கொயர் பரவலைப் பின்பற்றும். எத்தனை அளவுருக்கள் கூடுதலோ அத்தனை அதன் கட்டின்மைப் படிகள். ஒரே ஒரு கூடுதல் அளவுரு என்றால், உபயோகமற்றதுகூட LR-ஐச் சராசரியாக 1 உயர்த்தும். 3.84-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான். இரைச்சல் மட்டுமே இருந்து நம்முடைய 3.98-ஐ எட்டும் வாய்ப்பு, அதாவது பி-மதிப்பு, 0.046. சரி, எல்லையோரம்தான், ஆனால் கணக்கு நேர்மையானது.

இப்போது வயதைச் சேர்ப்போம். 12 பேருக்கு வயது பதிவாகவில்லை. மென்பொருள் அந்த 12 வரிசைகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, மீதி 188 பேரில் பெரிய மாடலைப் பொருத்துகிறது. logL = −101.21 என்று வருகிறது. ஆய்வாளர் கையில் ஏற்கெனவே குழு மட்டும் உள்ள மாடலின் −108.23 இருக்கிறது. கழிக்கிறார்: 7.02. இரட்டிக்கிறார்: 14.04. பி-மதிப்பு 0.0002. வயது பெரிய காரணி என்று அறிக்கை எழுதிவிடுகிறார்.

அதே 188 பேரில் குழு மட்டும் உள்ள மாடலை மறுபடி பொருத்துங்கள். நீங்கிய 12 பேர் குழுவுக்கு ஆறு பேர், அதில் மீண்டும் சேர்ந்தவர்கள் பழைய முறையில் 2 பேர், புதியதில் ஒருவர் என்று வைத்தால், logL = −101.68. உண்மையான LR 2 × 0.47 = 0.94. பி-மதிப்பு 0.33. வயது எதையும் சொல்லவில்லை.

மீதி 13 எங்கிருந்து வந்தது? logL என்பது ஒவ்வொரு நோயாளியின் பங்களிப்பையும் கூட்டிய தொகை. இந்தத் தரவில் ஒரு ஆளின் பங்கு சராசரியாக −0.54. பன்னிரண்டு பேரை எடுத்துவிட்டால் தொகை தானாகவே சுமார் 6.5 ஏறிவிடும். இரட்டித்தால் 13. ஆட்கள் குறைந்ததை மாடல் மேம்பட்டதாகப் படித்திருக்கிறோம். என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையில் இதுதான் மிக ஆபத்தான தவறு, ஏனென்றால் வெளியே வரும் எண் எப்போதும் நம்பும்படியாகவே இருக்கும். வரிசை குறைவது சிறிய மாடலில் என்றால் LR மைனஸில் வந்துவிடும், அது யாருக்கும் உடனே உறுத்தும். ஆனால் விடுபட்ட மதிப்புகள் புதிதாகச் சேர்க்கும் மாறியில்தான் இருக்கும், அதனால் பிழை எப்போதும் "முன்னேற்றம்" என்ற பக்கமே சாய்கிறது.

மென்பொருள் தடுக்காதா? முறைப்படி கேட்டால் தடுக்கும். ஆர்-இல் `anova()` இரண்டு மாடலின் அளவும் பொருந்தவில்லை என்று பிழை காட்டும். ஸ்டேட்டாவின் `lrtest` கட்டளை `observations differ` என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் `force` போட்டு அதைத் தாண்டியவர்களையும், தனித்தனி வெளியீடுகளில் இருந்து logL எண்களை எக்செல்லுக்கு எடுத்துப்போய்க் கழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு: இரு மாடல்களும் 188 வரிசையே எடுத்து, ஆனால் அவை வேறு வேறு 188 ஆக இருந்தால், எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அது தெரியாது. ஒவ்வொரு மாடலிலும் ஒரு மாறி மற்றதில் இல்லாததாக இருக்கும்போது இது நடக்கலாம். அப்படியென்றால் ஒன்று மற்றதற்குள் அடங்கிய மாடலே இல்லை, இந்தச் சோதனையே அங்கே செல்லாது.

தீர்வு நாலே வரி. பெரிய மாடலுக்கு வேண்டிய எல்லா மாறிகளும் உள்ள வரிசைகளை முதலில் பிரித்தெடுத்து, இரண்டு மாடலையும் அதிலேயே பொருத்துங்கள்:

```r
d  <- na.omit(dat[, c("y", "group", "age")])
m0 <- glm(y ~ group, family = binomial, data = d)
m1 <- glm(y ~ group + age, family = binomial, data = d)
anova(m0, m1, test = "LRT")
```

இதனால் ஒப்பீடு நியாயமாகிவிடும். வயது விடுபட்டவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்களா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். அதற்காக விடுபட்ட இடங்களைப் பல தடவை நிரப்பி, பல தரவுத் தொகுப்புகளை உருவாக்கிப் பகுப்பாய்வு செய்தால், ஒவ்வொன்றிலும் வரும் LR-ஐச் சும்மா சராசரி எடுத்து கை-ஸ்கொயர் அட்டவணையில் தேடக்கூடாது. அவற்றை ஒன்று சேர்க்கத் தனி விதி இருக்கிறது.

வரிசைகள் சரியாக இருந்தும் அளவுகோல் தவறாகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் 20 மருத்துவமனைகளில் இருந்து வந்தவர்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனைகள் தங்களுக்குள் வேறுபட இடம் தரும் கலப்பு மாடலில், அந்த வேறுபாட்டின் அளவைச் சொல்லும் ஒரு மாறுபாட்டு அளவுருவைச் சேர்க்கிறோம். LR = 3.1. ஒரு அளவுரு கூடுதல், எல்லை 3.84, பி-மதிப்பு 0.078, ஆக வேறுபாடு இல்லை என்று மருத்துவமனைகளை மாடலில் இருந்து தூக்கிவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, மாறுபாடு என்பது பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத எண். சாதாரண அளவுரு ஒன்று இரைச்சலைத் துரத்தும்போது மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். இரண்டு திசையிலும் logL கொஞ்சம் ஏறும். மாறுபாட்டுக்கு ஒரு திசைதான் திறந்திருக்கிறது. உண்மை பூஜ்யமாக இருந்தால், ஏறக்குறைய பாதித் தடவை மதிப்பீடு பூஜ்யத்திலேயே முட்டி நின்றுவிடும், LR-உம் பூஜ்யமாகவே இருக்கும். அதனால் சரியான அளவுகோல் பாதி பூஜ்யம், பாதி ஒரு படி கை-ஸ்கொயர் என்ற கலவை. 5 சதவீத எல்லை 3.84 இல்லை, 2.71. நம்முடைய 3.1-க்கு பி-மதிப்பு பாதியாகி 0.039 ஆகிறது. தூக்கியெறிந்த மருத்துவமனை வேறுபாடு மாடலுக்குள் திரும்ப வர வேண்டும்.

ஸ்டேட்டா இதைத் தானே செய்து `chibar2(01)` என்று அச்சிடும். ஆர்-இன் `lme4` தொகுப்பில் `anova()` செய்யாது, நாம்தான் பாதியாக்க வேண்டும். அப்புறம், அந்தத் தொகுப்பு `refitting model(s) with ML` என்று ஒரு செய்தி காட்டினால் அதைத் தடுக்காதீர்கள். நிலையான விளைவுகள் வேறுபடும் இரு மாடல்களின் REML என்ற திருத்திய வகை லைக்லிஹுட்களை ஒப்பிட முடியாது என்பதால்தான் அது மறுபடி பொருத்துகிறது.

மருத்துவமனைகள் 20 என்பது ஐந்தாறாகக் குறைந்தால் அந்தப் பாதிக்குப் பாதிக் கலவையும் சரியாகப் பொருந்தாது. நிகழ்வுகள் மிகக் குறைவாக இருக்கும் லாஜிஸ்டிக் மாடலிலும் இதே கதை. அப்போது அட்டவணையை விட்டுவிட்டு அளவுகோலை நானே உருவாக்கிக்கொள்வேன். சிறிய மாடலை உண்மை என்று எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஆயிரம் போலித் தரவுத் தொகுப்புகளை உற்பத்தி செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாடலையும் பொருத்தி LR-ஐக் குறித்துவைத்தால், இரைச்சல் மட்டும் இருந்தால் எவ்வளவு வரும் என்று கண்முன்னே தெரிந்துவிடும். உண்மைத் தரவின் LR-ஐ எட்டியோ தாண்டியோ வந்தவை 52 என்றால் பி-மதிப்பு 53/1001, அதாவது 0.053. மேலேயும் கீழேயும் ஒன்று கூட்டுவது, உண்மைத் தரவையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக எண்ணுவதால். இந்த எண்ணை அறிக்கையில் எழுதும்போது கை-ஸ்கொயர் தந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை வாசிப்பவரே பார்த்துக்கொள்ளலாம்.