ஆறு மீறல்கள் போதுமா? ஓர் இடர் மாதிரியை எப்போது நிராகரிப்பது

நிதி நிறுவனம் ஒன்றின் இடர் மேலாண்மைப் பிரிவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மாதிரி ஒவ்வொரு மாலையும் மறுநாளுக்கான நட்ட வரம்பு ஒன்றைத் தருகிறது. நூறில் 99 நாட்கள் நட்டம் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பது அதன் வாக்கு. கடந்த 250 வர்த்தக நாட்களில் ஆறு முறை நட்டம் வரம்பைத் தாண்டிவிட்டது. மாதிரி தவறு என்கிறேன் நான். தற்செயல் என்கிறார் மேலாளர். யார் சொல்வது சரி?"

இந்த நட்ட வரம்பைத்தான் நிதித்துறையில் வேல்யூ அட் ரிஸ்க் என்கிறார்கள். ஒரு முதலீட்டுத் தொகுப்பின் வரம்பு 1 கோடி ரூபாய் என்றால், நாளை 1 கோடிக்கு மேல் இழக்கும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்று பொருள். அதிகபட்ச நட்டம் 1 கோடி என்று பொருளல்ல. வரம்பைத் தாண்டும் நாளில் இழப்பு 1.1 கோடியா, 10 கோடியா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. வரம்பு தாண்டப்பட்ட நாளை மீறல் என்று அழைப்போம். மாதிரியின் பழைய வரம்புகளை நடந்த நட்டங்களோடு நாள்தோறும் ஒப்பிட்டு மீறல்களை எண்ணுவதே பின்சோதனை.

எண்ணத் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நேற்று மாலை கையில் இருந்த பங்குகளையும் பத்திரங்களையும் வைத்தே மாதிரி வரம்பைக் கணித்தது. இன்று காலை வாங்கி விற்றதில் வந்த நட்டமோ தரகுக் கட்டணமோ அதற்குத் தெரியாது. ஆகவே நேற்றைய தொகுப்பைத் தொடாமல் வைத்திருந்தால் இன்று எவ்வளவு இழந்திருப்போம் என்பதோடுதான் வரம்பை ஒப்பிட வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் சோதிக்கப்படுவது மாதிரியா, வர்த்தகரா என்பதே தெரியாமல் போகும்.

இனி கணக்கு. ஒரு நாள் மீறல் நிகழ வாய்ப்பு 0.01. 250 நாட்களில் சராசரியாக 2.5 மீறல்களை எதிர்பார்க்கலாம். சரியாக k மீறல்கள் நிகழும் வாய்ப்பைப் பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவல் தருகிறது:

P(k) = C(250, k) × 0.01^k × 0.99^(250−k)

இதைப் போட்டுப் பார்த்தால், முற்றிலும் சரியான மாதிரிகூட ஒரு மீறலும் இல்லாமல் ஆண்டைக் கடக்க 8 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. நான்கு அல்லது அதற்குக் குறைவான மீறல்கள் வர 89 சதவீதம். ஆறு அல்லது அதற்கு மேல் வர 4.1 சதவீதம். "சரியான மாதிரிக்கு இப்படி நேர நூறில் நான்கு வாய்ப்புதான், எனவே நிராகரி" என்று வாசகர் வாதிட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மேலாளரிடமும் ஒரு சோதனை இருக்கிறது. 1995இல் பால் குபியெக் முன்வைத்த முறை, மீறல் விகிதம் ஒரு சதவீதம் என்று கொண்டால் இந்த ஆண்டு எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது, நாம் கண்ட 2.4 சதவீதம் என்று கொண்டால் எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறது என இரண்டையும் ஒப்பிடுகிறது. சரியான மாதிரியில் ஒப்பீட்டு எண் 3.84ஐத் தாண்ட ஏறக்குறைய ஐந்து சதவீத வாய்ப்புதான் என்பதால், தாண்டினால் நிராகரிக்கலாம். ஆறு மீறல்களுக்கு அது 3.56 வருகிறது, மாதிரி தப்பிக்கிறது. ஏழு என்றால் 5.50 ஆகி நிராகரிக்கப்பட்டிருக்கும். ஒரே தரவு, ஒரே ஐந்து சதவீத அளவுகோல், இரண்டு வெவ்வேறு தீர்ப்புகள். குபியெக்கின் சோதனை இருபக்கச் சோதனை என்பதே காரணம். மீறல்கள் அளவுக்கு மிஞ்சினாலும் குறை சொல்லும், அளவுக்குக் குறைந்தாலும் குறை சொல்லும். வாசகர் பயன்படுத்தியதோ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் சோதனை. ஆண்டின் முடிவில் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு தனக்கு வசதியான சோதனையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எந்தச் சோதனை, எந்த எல்லை என்பதை ஆண்டின் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்தப் பிணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இதுவரை சரியான மாதிரியைத் தவறாகத் தண்டிப்பதைப் பற்றியே கவலைப்பட்டோம். தவறான மாதிரி தப்பித்துப் போவதைப் பற்றி?

ஒரு மாதிரி ஒரு சதவீதம் என்று வாக்களித்துவிட்டு உண்மையில் இரண்டு சதவீத நாட்களில் மீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது சிறிய பிழை அல்ல. ஆபத்து இரு மடங்கு. ஐந்து மீறல்கள் வந்தால் சந்தேகப்படுவது என்ற கண்டிப்பான விதியை வைத்தாலும், இந்த மாதிரி நான்கு அல்லது அதற்குக் குறைவான மீறல்களோடு ஆண்டை முடித்துவிட 44 சதவீத வாய்ப்பு இருக்கிறது! அதே விதி சரியான மாதிரிகளில் ஏறக்குறைய 11 சதவீதத்தைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கவும் செய்கிறது. நல்லவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் மாட்டிக்கொள்கிறது, கெட்டவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தப்பிக்கிறது. எல்லையை ஏழுக்கு உயர்த்தினால் நல்லவை பிழைக்கும், கெட்டவை இன்னும் அதிகமாகத் தப்பிக்கும். 250 நாட்களை வைத்துக்கொண்டு இரண்டு பிழைகளையும் ஒருசேரக் குறைக்க வழியே இல்லை. நடப்பது அரிய நிகழ்ச்சி. ஆண்டு முழுவதும் எண்ணினாலும் கையில் கிடைப்பது இரண்டு மூன்று துளித் தகவல்தான்.

நாட்களைக் கூட்டினால் நிலைமை மாறுகிறது. 1000 நாட்களுக்குச் சரியான மாதிரி சராசரியாக 10 மீறல்களையும், இரு மடங்கு ஆபத்தான மாதிரி 20 மீறல்களையும் தரும். 16 வந்தால் நிராகரிப்பது என்று வைத்தால், நல்ல மாதிரி மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குள் அடங்குகிறது. கெட்டது தப்பிப்பது 15 சதவீத அளவுக்கு இறங்குகிறது. ஆனால் 1000 நாட்கள் என்பது நான்கு ஆண்டுகள். அதற்குள் தொகுப்பும் மாறிவிடும், மாதிரியைத் திருத்தியும் இருப்பார்கள்.

பாசெல் வங்கி மேற்பார்வைக் குழு 1996இல் வகுத்த விதி இந்தச் சங்கடத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டதாகவே நான் பார்க்கிறேன். அது சரி, தவறு என்று இரண்டாகப் பிரிக்கவில்லை. நான்கு மீறல்கள் வரை பச்சை, ஐந்து முதல் ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. சரியான மாதிரி பத்தைத் தொடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றுக்கும் குறைவு. அங்கே தற்செயல் என்ற வாதத்துக்கு இடமில்லை. நட்ட வரம்பின் எத்தனை மடங்கை மூலதனமாக வைக்க வேண்டும் என்று சொல்லும் மூலதனப் பெருக்கி, 1996 விதியின் மஞ்சளில் 3இலிருந்து படிப்படியாக ஏறியது. ஆறு மீறல்களுக்கு அது 3.5 ஆக இருந்தது. தீர்ப்பு உறுதியாகவில்லை, அதனால் சந்தேகத்தின் அளவுக்கு ஏற்பக் கூடுதல் மூலதனம் வை என்கிறது விதி. காரணத்தை விளக்கும் பொறுப்பும் வங்கியின் மேல்தான் விழுகிறது.

விளக்கம் கேட்கும் இந்த இடத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது. "அன்று அசாதாரணமான நாள், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று ஒவ்வொரு மீறலாக நீக்கிவிடுகிறார்கள். பலித்தவற்றை மட்டும் நினைவில் வைத்துப் பலிக்காதவற்றை மறக்கச் செய்யும் சோதிடரின் வழிக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அசாதாரணமான நாட்களுக்காகத்தான் இந்த மாதிரியே இருக்கிறது. தரவுப் பிழை என்று நிரூபித்தால் நீக்கலாம். சந்தை மோசமாக விழுந்தது என்பதற்காக நீக்கக் கூடாது.

எண்ணிக்கை முடிவு சொல்லாதபோது தேதிகளைப் பார்க்க வேண்டும். சரியான மாதிரியின் மீறல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சிதறி வரும். சந்தை கொந்தளிக்கத் தொடங்கியதும் மாதிரி வரம்பை உயர்த்தியிருக்க வேண்டும் என்பதால், இன்றைய மீறல் நாளைய மீறலின் வாய்ப்பைக் கூட்டக் கூடாது. பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் 1998இல் தந்த சோதனை இதைத்தான் அளக்கிறது. மீறல் நாளுக்கு மறுநாளும் மீறல் வந்தது எத்தனை முறை, அமைதியான நாளுக்கு மறுநாள் வந்தது எத்தனை முறை என்று எண்ணி, இரண்டு விகிதங்களும் ஒன்றா என்று பார்க்கிறது.

அழகான சோதனை. ஆனால் அதன் கண்ணில் படாத ஓர் இடம் இருக்கிறது. நிஃப்டி குறியீட்டை 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். கொந்தளிப்பை உணராமல் 3 சதவீத வரம்பிலேயே உறைந்து நின்ற ஒரு மாதிரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிப்ரவரி 28 அன்று நிஃப்டி 3.7 சதவீதம் விழுந்தது. பிறகு மார்ச் 9 அன்று 4.9, 12 அன்று 8.3, 16 அன்று 7.6, 18 அன்று 5.6, 23 அன்று 13, 30 அன்று 4.4, ஏப்ரல் 1 அன்று 4 சதவீதம். 23 வர்த்தக நாட்களுக்குள் எட்டு மீறல்கள். மாதிரி செத்துவிட்டது என்பதைக் காண யாருக்கும் சோதனை தேவையில்லை.

ஆனால் தேதிகளை உற்றுப் பாருங்கள். எந்த இரண்டு மீறல்களும் அடுத்தடுத்த வர்த்தக நாட்களில் வரவில்லை. மார்ச் 17 அன்று வீழ்ச்சி 2.5 சதவீதம்தான், வரம்புக்குள் அடங்கிவிட்டது. 13ஆம் தேதியும் 24ஆம் தேதியும் சந்தை ஏறியே முடிந்தது. மறுநாளை மட்டும் பார்க்கும் சோதனையின் கணக்கில் "மீறலுக்குப் பின் மீறல்" என்ற கட்டம் பூஜ்யம். எட்டு மீறல்களும் ஒரே கொத்தாக நிற்கும்போது கொத்து எதுவும் இல்லை என்று அது சொல்கிறது!

இதற்கு மருந்து, மீறல்களுக்கு இடையிலான இடைவெளிகளை அளப்பது. ஒரு சதவீத மாதிரியில் சராசரி இடைவெளி நூறு வர்த்தக நாட்கள். மேற்கண்ட எட்டு மீறல்களின் இடைவெளிகள் 6, 2, 2, 2, 3, 5, 2. கிறிஸ்டோஃபர்சனே டெனி பெல்லெத்தியேயுடன் சேர்ந்து 2004இல் இந்த இடைவெளிகளின் மேல் ஒரு சோதனையைக் கட்டினார்.

வாசகருக்கு வருகிறேன். ஆறு என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து உங்கள் மாதிரியை நான் நிராகரிக்க மாட்டேன். ஆனால் மேலாளர் சொல்வதுபோல் அதைத் தற்செயல் என்று தள்ளவும் மாட்டேன். ஆபத்து இரு மடங்கான மாதிரியில் சரியாக ஆறு மீறல்கள் வரும் வாய்ப்பு, சரியான மாதிரியில் வருவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். முதலில், மாதிரி மாறாமல் இருந்திருந்தால், அதற்கு முந்தைய 250 நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். அங்கும் ஐந்து மீறல்கள் கிடைத்து 500 நாட்களில் 11 ஆகிவிட்டால் குபியெக்கின் எண் 5.4 ஆகும்; தயங்காமல் நிராகரியுங்கள். பிறகு ஆறு தேதிகளையும் எழுதி இடைவெளிகளைப் பாருங்கள். அவை ஓரிரு மாதங்களுக்குள் நெருங்கிக் கிடந்தால், ஆண்டுக் கணக்கு என்னவாக இருந்தாலும், உங்கள் மாதிரி சந்தையின் ஏற்ற இறக்கத்தை மிக மெதுவாகக் கற்றுக்கொள்கிறது. கடந்த ஆண்டின் எல்லா நாட்களுக்கும் சம எடை தரும் மாதிரிகளில் இது வழக்கமான நோய். அண்மை நாட்களுக்கு அதிக எடை தந்து வரம்பைத் திரும்பக் கணித்து, அதே 250 நாட்களில் மீண்டும் எண்ணிப் பாருங்கள். கொத்து கலைந்தால் நோய் அதுதான். ஆனால் திருத்திய மாதிரி தேர்ச்சி பெற்றதாக அதை வைத்துச் சொல்லக் கூடாது. அந்தத் தரவைப் பார்த்துத்தானே திருத்தினீர்கள். அதற்கான எண்ணிக்கை திருத்திய மறுநாளிலிருந்து தொடங்குகிறது.