நடுநிலை அடர்த்தி வடிகட்டியா? எதை வடிகட்டுகிறது?

கேமராவுக்கோ லேசருக்கோ முன்னால் வைத்து ஒளியைக் குறைக்கும் 'நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர்' என்பதை 'நடுநிலை அடர்த்தி வடிகட்டி' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். மூன்று சொல்லுக்கு மூன்று சொல் வைத்தாயிற்று; பொருள்தான் வந்து சேரவில்லை.

நியூட்ரல் என்றால் நிறப் பாகுபாடு இல்லாதது. டென்சிட்டி புகைப்படத் தட்டிலிருந்து வந்த சொல். தட்டில் படிந்த வெள்ளியின் அளவு ஒளிமறைப்பின் மடக்கையோடு நேர்விகிதத்தில் கூடுவதைக் கண்ட புகைப்பட ஆய்வாளர்கள் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-இல் அந்த மடக்கையை அப்படி அழைத்தார்கள். ஊடுருவும் ஒளியின் பங்கு T என்றால் ஒளிமறைப்பு 1/T; ஆக டென்சிட்டி D = −log₁₀ T.

நம் பள்ளிப் புத்தகத்திலோ 'அடர்மிகு ஊடகம்' என்றால் ஒளிவிலகல் எண் கூடியது. அந்தக் கணக்கில் வைரம் கண்ணாடியைவிட அடர்மிகுந்தது. ஆனாலும் ஒளி அதற்குள் தாராளமாகப் போகிறது. இதைப் படித்த மாணவனுக்கு 'ஒளி அடர்த்தி 3' என்றால் என்ன புரியும்? வடிகட்டியும் பொருந்தாது. அது சக்கையை நிறுத்திச் சாற்றை விடும். இது எதையும் பிரிப்பதில்லை, எல்லா நிறத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. ஜெர்மானியர்கள் 'சாம்பல் ஃபில்டர்' என்று சொல்லி வேலையைப் பார்க்கிறார்கள்.

என் தேர்வு 'நிறஞ்சாரா ஒளிகுறைப்பி'. D-க்கு 'ஒளித்தடுப்பெண்'. எண் என்றால் கூட்டலாம் என்று தோன்றும். அதுதான் இங்கே தேவை. 100 மில்லிவாட் பச்சை லேசரை 1 மைக்ரோவாட்டாக்க லட்சத்தில் ஒரு பங்கு வேண்டும், அதாவது தடுப்பெண் 5. 2-ஐயும் 3-ஐயும் அடுக்கினால் போதும்: முதலாவதில் 1 மில்லிவாட், அடுத்ததில் 1 மைக்ரோவாட்.

ஒளியை உறிஞ்சும் கண்ணாடிக்கு இந்தக் கூட்டல் சரி. உலோகப் பூச்சுள்ளவற்றை நேருக்கு நேர் இணையாக வைத்தால் ஒளி இடையில் மாறிமாறி எதிரொளித்துக் கூடுதலாகக் கசியும். இரண்டும் பாதி ஒளியை எதிரொளித்தால் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒன்றைச் சற்றுச் சாய்த்து, திரும்பும் கதிரைக் கருந்தடுப்பில் விழவிட வேண்டும். உறிஞ்சும் கண்ணாடிக்கு வேறு சிக்கல்: சூடு முழுக்க முதலாவதற்கே. 10 வாட் லேசருக்கு முன்னால் 2-ஐ வைத்தால் 9.9 வாட் அதன் தலையில், விரிசல் விடும். அங்கே முதலில் பூச்சில்லாத கண்ணாடி ஆப்பில் பட்டுத் திரும்பும் 4 சதவீதத்தை மட்டும் எடுத்து, மீதியைத் தடுப்பில் கொட்டிவிட்டு, பிறகு அடுக்க வேண்டும்.

இன்னொரு வினை: கேமரா கடையில் ND4 என்றால் நான்கில் ஒரு பங்கு, தடுப்பெண் 0.6. ஆய்வகத்தில் 4.0 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் 'நடுநிலை அடர்த்தி 4' என்று எழுதிவிடுகிறார். அதை நம்பி அந்த 100 மில்லிவாட்டின் முன் கேமரா ஃபில்டரை மாட்டினால், 10 மைக்ரோவாட் வரவேண்டிய இடத்தில் 25 மில்லிவாட் வந்து நிற்கும்.