.env-க்குள் வைத்தாலும் சாவி ஆப்போடுதான் போகிறது

நாகர்கோவில் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு ஆப் செய்து தரும் தம்பிகள், வெளியிடும் முன் என்னிடம் சோதிக்கக் கொடுப்பதுண்டு. இந்த வாரமும் அதே கதைதான். குளச்சல் மீனை வீட்டுக்கே கொண்டு தரும் ஒரு ஃப்ளட்டர் ஆப். உள்ளே பேமென்ட் கேட்வேயின் ரகசியச் சாவி. கேட்டால், "அண்ணா, கீ கோடுல இல்லியே, .env-லதான கெடக்கு" என்கிறார்.

தயவுசெய்து இதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். சர்வரில் .env சரி, அந்தக் கோப்பு அங்கிருந்து வெளியே போவதில்லை. ஃப்ளட்டரில் அதையே asset ஆகச் சேர்த்தால் ஏபிகே-வுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஏபிகே ஒரு ஜிப் கோப்பு. ஆப்பை இறக்கிய யாரும் இதை அடித்தால் போதும்:

```
unzip -p base.apk assets/flutter_assets/.env
```

அடித்தேன். சாவி முழுசாகத் திரையில் வந்தது. அதை வைத்துக் கடையின் பரிவர்த்தனைகளைப் பார்க்கலாம், ரீஃபண்ட் போடலாம். பணம் அந்தக் கடைக்காரருடையது.

base64-இல் மாற்றினால்? அது பூட்டே இல்லை, யாரும் திருப்பி எழுதிவிடலாம். என்கிரிப்ட் செய்தால்? அவிழ்க்கும் சாவியும் அதே ஆப்புக்குள்தானே இருந்தாக வேண்டும்! ஆப்ஃபஸ்கேஷன் கிளாஸ், ஃபங்ஷன் பெயர்களைக் குழப்பும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சாவியைப் பொதுவாகத் தொடாது. இத்தனையும் செய்தாலும், போனின் சொந்தக்காரர் ஒரு பிராக்ஸி வைத்து ஆப் அனுப்புவதைப் படித்துவிட வழியுண்டு.

ஆகவே ரகசியச் சாவி சர்வரில் மட்டும். ஆப் கூடையை அனுப்பட்டும். தொகையைச் சர்வர் கணக்கிட்டு, கேட்வேயில் ஆர்டர் உருவாக்கி, ஆர்டர் எண்ணை மட்டும் ஆப்புக்குத் தரட்டும். பணம் வந்ததா என்ற சரிபார்ப்பும் அங்கேயே. (கேட்வே தரும் பொதுச் சாவி ஆப்பில் இருக்கலாம், அதற்குப் பதற வேண்டாம்.)

வாடிக்கையாளரின் டோக்கன் வேறு விஷயம். அது போனில் இருந்தே ஆக வேண்டும். களவு போனால் அந்த ஒருவரின் கணக்குதான் திறக்கும். அதற்காக SharedPreferences-இல் அப்படியே எழுதாதீர்கள், அது பூட்டில்லாத சாதாரணக் கோப்பு. flutter_secure_storage பயன்படுத்துங்கள்: ஆண்ட்ராய்டில் கீஸ்டோரையும் ஐபோனில் கீசெயினையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ரூட் செய்த போனில் இதற்கும் எல்லை உண்டு, ஆப் கேட்பது போலவே வேறொரு நிரலும் கேட்டு வாங்கிவிடலாம். அதனால் ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் சில நிமிடங்களாக இருக்கட்டும். லாக்அவுட் செய்ததும் ரிஃப்ரெஷ் டோக்கனைச் சர்வரிலும் ரத்து செய்யுங்கள்; போனில் அழித்தால் மட்டும் போதாது.

ஏற்கெனவே வெளியிட்டாயிற்றா? அடுத்த பதிப்பில் சாவியை நீக்கினால் தீராது, பழைய ஏபிகே ஊரெல்லாம் இருக்கிறது. சர்வர் வழியைத் தயார் செய்து, கேட்வே பக்கத்தில் புதுச் சாவி எடுத்து, பழையதை இன்றே முடக்குங்கள். பழைய ஆப்பில் பணம் செலுத்துவது நின்றுபோகும். அப்டேட் செய்யச் சொல்லி அறிவிப்பு போடுங்கள், பரவாயில்லை. அந்த .env Git-இல் ஏறியிருந்தாலும் இதேதான்: கோப்பை நீக்கினாலும் பழைய கமிட்டில் சாவி அப்படியே இருக்கும்.