வெட்டிய இடம் காதுக்கு ஏன் தெரிகிறது?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாமாவின் பேக்கரியைப் பற்றி 5 நிமிட ஆவணப்படம் செய்கிறேன். போனில் எடுத்த துண்டுகள், பழைய போட்டோக்கள், மாமா பேசிய 40 நிமிட ஒலிப்பதிவு எல்லாம் இருக்கின்றன. பேச்சை வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் ஏதோ இடறுகிறது. குரல் ஒரே குரல்தானே?”

பேச்சை முழுதும் எழுதிக்கொண்டு, தேவையான வாக்கியங்களைக் காகிதத்திலேயே வரிசைப்படுத்தியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். சரி, இடறுவது குரல் அல்ல, அதன் பின்னால் இருக்கும் இடம். போறணையின் இரைச்சல், வீதியில் போகும் பஸ், தகரக்கூரையில் தூறல் எல்லாம் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் பதிந்திருக்கின்றன. மாறாமல் கேட்கும் சத்தத்தை மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும். அது சட்டென மாறினால்தான் திரும்பிப் பார்க்கும். தூறலில் சொன்ன “அப்பாதான் கடையைத் தொடங்கினார்” என்பதையும், மழை விட்டபின் சொன்ன “அப்போ விறகுப் போறணைதான்” என்பதையும் ஒட்டினால், நடுவில் மழை அறுந்துவிடுகிறது. இடைவெளியில் வெறும் மௌனத்தை வைத்தால் இன்னும் மோசம். உண்மையான இடம் எதிலும் அப்படியொரு மௌனம் இல்லை.

ஆகவே பதிவு முடிந்ததும் யாரும் பேசாமல், மைக்கை அசைக்காமல் 1 நிமிடம் அந்த இடத்தையே பதிய வேண்டும். அதை வாக்கியங்களுக்கு அடியில் தொடர்ச்சியாக விரித்தால் ஒட்டுகள் மறைந்துவிடும். அது இல்லையென்றால் மாமா மூச்சு வாங்கும் இடைவெளிகளைப் பொறுக்கிச் சேர்க்கலாம். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பல போன்களில் ஒலியளவு தானாகவே சரிசெய்யப்படும். மாமா பேச்சை நிறுத்தியதும் போன் “சத்தம் குறைந்துவிட்டது” என்று நினைத்து அளவைக் கூட்டும், மழையும் கூடவே ஏறும். அதனால் இடைவெளியில் எடுத்த மழை, பேச்சுக்கு அடியில் உள்ள மழையைவிடப் பெரிதாக இருக்கும். அளவைக் குறைத்துத்தான் சேர்க்க வேண்டும். அரை வினாடித் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினால், ஒரே சொட்டு தாளம் போடுவது காதில் விழுந்துவிடும். துண்டுகள் நீளமாகவும் ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கட்டும்.

மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு வருவோம். முதல் வாக்கியம் முடிந்ததும் அப்பாவின் போட்டோவை 4 வினாடி காட்டி, அதன் மேல் மழையை மெல்லத் தேய விடுங்கள். மழை முழுதும் ஓயும் முன்பே, போட்டோ இன்னும் திரையில் இருக்கும்போதே, இரண்டாவது வாக்கியம் தொடங்கட்டும். போறணை அதற்குப் பிறகு தெரியட்டும். படம் பார்ப்பவர் மழை விட்டதை இயல்பாக எடுத்துக்கொள்வார். ஒட்டில் ‘டிக்’ என்று கேட்டால் அலை நடுவழியில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒட்டின் இரு பக்கத்தையும் 10 மில்லிவினாடி ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைய விட்டால் அது போய்விடும்.

இதையெல்லாம் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மாமாவின் கடை கல்யாண வீடியோ ஆகிவிடுகிறது.

கண்ணை மூடி ஹெட்போனில் கேளுங்கள். வெட்டு எங்கே என்று விரல் நீட்ட முடிந்தால் வேலை முடியவில்லை. பெருமழை குரலையே மூழ்கடித்த வாக்கியத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. அதை மட்டும் மாமாவிடம் மறுபடி கேட்டுப் பதியுங்கள், அதே பேக்கரியில், போறணை எரியும் நேரத்தில்.