முனை மழுங்கிய ஒரு சதுரம்

மரபியல் ஆலோசனையில் பயிற்சி பெறும் ஒரு மாணவி, கையால் வரைந்த மரபுக்கால்வழி வரைபடத்தைக் கொண்டுவந்தார். பிறவிக் காது கேளாமை உள்ள குடும்பம், மூன்று தலைமுறை. தாளின் அடியில் முடிவையும் எழுதியிருந்தார்: “எக்ஸ் குரோமோசோம் சார்ந்த ஒடுங்கு மரபு. பாதிக்கப்பட்ட மூவரும் ஆண்கள். தாய் பண்புக் கடத்தி.” ஒடுங்கு மரபில், மரபணுவின் பிழையற்ற நகல் ஒன்று இருந்தாலே குறை வெளிப்படாது. அப்படிப் பிழையைச் சுமந்தும் குறை இல்லாதவர்தான் கடத்தி.

இத்தகைய படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவரின் குறி கருப்பாக நிரப்பப்படும். இதில் தாத்தா, பாட்டி இருவருக்கும் குறை இல்லை. அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகனுக்குக் காது கேட்காது. மகளுக்கும் அவள் கணவருக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் அவர்களுடைய மூன்று குழந்தைகளில் முதலாவதும் மூன்றாவதும் கருப்பாக நிரப்பப்பட்டிருந்தன. நடுவில் இருந்த பெண்ணின் வட்டம் காலியாக இருந்தது.

முடிவை உடனே பார்க்க வேண்டாம் என்பதுதான் என் வழக்கம். முதலில் ஒவ்வொரு குறியையும் குடும்ப விவரக் குறிப்போடு ஒத்துப் பார்ப்பேன். கையால் வரையும்போது சதுரத்தின் முனைகள் மழுங்கிவிடும், வட்டம் கோணலாகிவிடும், அதன்மேல் பென்சிலால் நிரப்பிவிட்டால் எது எது என்றே தெரியாது. மூன்றாவது குழந்தையின் குறி எனக்கு அப்படித்தான் இருந்தது. குறிப்பைத் திறந்தால், “கடைசிக் குழந்தை, மகள்” என்று இருந்தது. முதல் நாள் சரியாகத்தான் வட்டம் போட்டிருக்கிறார். சுத்தப் பிரதி எடுக்கும்போது அது சதுரமாகிவிட்டது.

இந்த ஒரு குறியில்தான் முடிவு முழுதும் நிற்கிறது. எக்ஸ் சார்ந்த ஒடுங்கு மரபில் ஒரு பெண்ணுக்குக் குறை வர வேண்டுமானால் அவளுடைய இரண்டு எக்ஸிலும் பிழை இருக்க வேண்டும். அதில் ஒன்று தந்தையிடமிருந்து வருவது. தந்தைக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதில் பிழை இருந்தால் அவருக்கும் காது கேட்காமல் இருந்திருக்கும். அவருக்கோ நன்றாகக் கேட்கிறது. பெண்ணுக்கு ஒரே எக்ஸ் மட்டும் இருப்பது போன்ற அரிதான விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை முதல் விளக்கமாக எடுக்க முடியாது.

குறி சரியாகவே இருந்து, மூவரும் ஆண்களாக இருந்திருந்தாலும் அந்தக் காரணம் பலவீனமானதுதான். பாலைத் தீர்மானிக்காத மற்ற குரோமோசோம்களில் பிழை இருக்கும் உடற்குரோமோசோம் சார்ந்த ஒடுங்கு மரபில் பாதிக்கப்படுபவர் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கச் சம வாய்ப்பு. மூவரும் ஆண்களாக அமைய 8-ல் 1 வாய்ப்பு, சும்மாவே நடக்கக்கூடியதுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தாயின் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. அது பெண் கடத்தியைக் காட்டும் குறி. “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். “எக்ஸ் சார்ந்தது என்றால் அம்மா கடத்தியாகத்தானே மேடம் இருக்கணும்?” என்றார். அதாவது முடிவிலிருந்து வந்த புள்ளி. அதைப் படத்தில் போட்டுவிட்டால் அடுத்து பார்க்கிறவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். ஊகம் தாளின் ஓரத்தில் இருக்கட்டும், குறியாக ஏற வேண்டாம்.

சரி, மாற்று விளக்கம் என்ன? குறையில்லாத பெற்றோருக்குக் குறையுள்ள மகனும் மகளும் பிறந்திருக்கிறார்கள், உடற்குரோமோசோம் ஒடுங்கு மரபு பொருந்துகிறது. அப்படியானால் தந்தையும் கடத்தியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவருக்கு அதே மரபணுவில் பிழை எப்படி? மறுபடியும் குறிப்பைப் பார்த்தோம். அவர், மனைவியின் சொந்த அத்தை மகன். சொந்தத்தில் நடந்த திருமணத்துக்கு இரட்டைக் கோடு போட வேண்டும், மாணவி ஒற்றைக் கோடு போட்டிருந்தார். பொதுவான முன்னோர் இருப்பதால் இருவரிடமும் ஒரே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு நகலில் பிழை இருந்தாலே குறை வரும் ஓங்கு மரபு என்று சொல்லிப் பார்த்தால், இரண்டு தலைமுறையிலும் குறையுள்ளவர்களின் பெற்றோர் யாருக்குமே குறை வெளிப்படவில்லை என்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

முடிவு மாறினால் குடும்பத்திடம் சொல்வதும் மாறும். எக்ஸ் சார்ந்தது என்றால் அடுத்து பிறக்கும் மகனுக்கு 2-ல் 1, மகளுக்குக் குறை வராது என்று சொல்லியிருப்போம். உடற்குரோமோசோம் ஒடுங்கு மரபில் மகனோ மகளோ 4-ல் 1. தவறான முடிவோடு போயிருந்தால் “பெண் பிறந்தால் பயமில்லை” என்று ஒரு பொய் உறுதியும், எல்லாம் தாயின் வழியில் வந்தது என்ற பழியும் அந்த வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அதிகம் உறுத்துவது இரண்டாவதுதான்.

வரைபடம் தருவது இவ்வளவுதான். பிறவிக் காது கேளாமைக்குப் பல மரபணுக்கள் காரணமாகலாம், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா தொற்றும் காரணமாகலாம். அதனால் கடைசி மகள் வயிற்றில் இருந்தபோது தாயின் கர்ப்ப கால விவரத்தைக் கேட்கச் சொன்னேன். அப்புறம் ஜிஜேபி2 மரபணுப் பரிசோதனை. ஒடுங்கு மரபாக வரும் கேளாமையில் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாணவி புதிய தாளில் மறுபடி வரைந்தார். இரட்டைக் கோடு, திருத்திய வட்டம், புள்ளி இல்லை. நடுப்பெண்ணின் காலி வட்டத்துக்குப் பக்கத்தில், ஓரமாக “கடத்தியாக இருக்க 3-ல் 2?” என்று எழுதினார். இரண்டு கடத்திகளுக்குக் குறையில்லாமல் பிறக்கும் பிள்ளைக்கு மூன்று வழிகள் உண்டு, அதில் இரண்டில் பிழை ஒற்றையாக இருக்கும். கேள்விக்குறியை அப்படியே விட்டுவிடச் சொன்னேன், பரிசோதனை முடிவு வரும்வரை.