குண்டு விழும் வேகத்தில் கிளிசரினின் பிசுக்குமை

உயர்தரம் படிக்கும் மருமகன் உப்புவெளியில் எங்கள் வீட்டு மேசையில் ஒரு அளவுச் சாடி நிறையக் கிளிசரினை வைத்துக்கொண்டு முழித்தான். "மாமா, புத்தகத்தில கிளிசரினின்ர பிசுக்குமை 1.41 எண்டு கிடக்கு. எனக்கு 0.66 தான் வருது."

அவன் செய்தது சரியான பரிசோதனைதான். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள எஃகுக் குண்டை விடுகிறான். குண்டின் நிறை கீழே இழுக்கிறது. மேலுதைப்பும் திரவத்தின் இழுவையும் மேலே தள்ளுகின்றன. இழுவை வேகத்தோடு கூடுவதால், ஒரு கட்டத்தில் மூன்றும் சமப்பட்டுக் குண்டு மாறாத வேகத்தில் இறங்கும். அதுதான் முடிவு வேகம். இழுவை 6πηrv என்று ஸ்ரோக்ஸ் 1851இல் காட்டினார். η என்பது பிசுக்குமை, அதாவது திரவம் ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு; r குண்டின் ஆரை, v அதன் வேகம். அதிலிருந்து வருவது இது:

η = 2r²(ρ₁ − ρ₂)g / 9v

ρ₁ எஃகின் அடர்த்தி, கன மீற்றருக்கு 7800 கிலோகிராம்; ρ₂ கிளிசரினின் அடர்த்தி 1260; g புவியீர்ப்பு ஆர்முடுகல். சாடியில் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு றப்பர் பட்டி போட்டு, குண்டு அதைக் கடக்க 9.3 செக்கன் என்று அளந்திருந்தான். அதாவது செக்கனுக்கு 21.5 மில்லிமீற்றர். கணக்கு 0.66 பஸ்கால் செக்கன் என்றுதான் வரும். அவன் கையில் பிழை இல்லை.

பிழை புத்தகத்தின் எண்ணை அப்படியே எடுத்ததில். 1.41 என்பது 20 பாகையில். திருகோணமலையில் அந்த மத்தியானம் வெப்பமானி 30 காட்டியது. பத்துப் பாகை கூடியதும் கிளிசரினின் பிசுக்குமை பாதிக்கும் கீழே, ஏறக்குறைய 0.61க்கு, இறங்கிவிடும். வெப்பநிலை எழுதாத பிசுக்குமைக்கு அர்த்தமே இல்லை என்பேன்.

சரி, 0.66 ஏன் இன்னும் கூட? ஸ்ரோக்ஸின் சூத்திரம் எல்லையில்லாத திரவத்துக்கு உரியது. சாடியின் விட்டமோ 40 மில்லிமீற்றர். குண்டு ஒதுக்கும் கிளிசரின் சுவரோரம் நெருக்குப்பட்டு மேலே போகவேண்டும், அதனால் குண்டு மெதுவாகிறது. நடுவில் விழும் சின்னக் குண்டுக்கு இந்தத் திருத்தம் ஏறக்குறைய 1 + 2.1 × (2/40), அதாவது 1.105. 0.66ஐ அதால் வகுத்தால் 0.60. மருமகன் சிரித்துவிட்டான்.

திருத்தம் தேவையா என்று அறிய ஒரு வழி, பெரிய குண்டையும் போட்டுப் பார்ப்பது. 4 மில்லிமீற்றர் குண்டு திருத்தாமல் இன்னும் கூடிய விடையைத் தரும். திரவம் ஒன்றுதான், குண்டு மாற விடையும் மாறினால் சூத்திரம் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. தண்ணீரில் இது இன்னும் வேடிக்கை: அதே 2 மில்லிமீற்றர் குண்டு அந்த 30 பாகையில் செக்கனுக்கு 18 மீற்றருக்கு மேல் போகும் என்று சூத்திரம் சொல்லும். உண்மையில் ஒரு மீற்றர்கூட வராது, பின்னால் சுழிப்பு வந்து இழுவையைக் கூட்டிவிடும்.

ஒரு கிழமை கழித்து அதே சாடியைக் கலக்கி மறுபடி அளந்தான். 7.1 செக்கன். மூடாமல் விட்ட கிளிசரின் எங்கள் கடல்காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகியிருந்தது.